பாட்டி சொன்னதும் பதிவேடு சொல்வதும்: பஞ்சாப் பிரிவினையை எப்படி எழுதுவது?

#1 மலர்விழி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டம் வருஷத்துக்கு இரண்டு இதழ் போடுகிறது. அடுத்த இதழுக்கு 1947 பஞ்சாப் பிரிவினை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். கையில் இருக்கும் மூலப்பொருள் ஒரே ஒரு பாட்டி. என்னோடு ஹாஸ்டலில் இருந்த பஞ்சாபித் தோழியின் பாட்டி அவர். 2019ல் ஜலந்தரில் அவர்கள் வீட்டில் மூன்று மதியம் உட்கார்ந்து அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்தேன். தோழிதான் மொழிபெயர்த்துச் சொன்னாள். போன வருஷம் பாட்டி இறந்துவிட்டார்.

அவருக்கு 1947ல் பதின்மூன்று வயது. லயல்பூர் மாவட்டத்தில், அதாவது இன்றைய ஃபைசலாபாத் பக்கம், கால்வாய்ப் பாசனக் கிராமம். என் கட்டுரை இப்படித் தொடங்குகிறது:

"1947 ஆகஸ்ட் 15 இரவு, எங்கள் ஊர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். ஒரு மாதம் கழித்து பத்து லட்சம் பேரோடு நடக்கத் தொடங்கினோம். நூறு ஏக்கரை விட்டுவிட்டு வந்தோம்."

அப்புறம் வழியில் நடந்த தாக்குதல், பலோகி பாலத்தில் நடந்த சோதனை, காலரா எல்லாம் வருகிறது. இதழாசிரியர் படித்துவிட்டு, "ஒரு பக்கம் சாய்கிறது, நடுநிலை ஆக்கிக்கொடு" என்றார். அதை எப்படிச் செய்வது? முஸ்லிம்கள் பட்ட பாட்டை ஒரு பத்தி சேர்த்தால் போதுமா?

#2 கரிகாலன்77

முதல் வரியே தப்பு. ராட்கிளிஃப் கோடு வெளியானது ஆகஸ்ட் 17ஆம் தேதி. 15 அன்று யாருக்கும் எல்லை எங்கே என்று தெரியாது. பாட்டிக்கு நினைவு பிசகியிருக்கிறது, 17 என்று மாற்றிவிடுங்கள்.

நடுநிலைக்கு வழி ஒன்றுதான். ஆங்கிலேயன் ஐந்து வாரத்தில் கோடு போட்டுவிட்டு ஓடினான், அதனால் இரண்டு பக்கமும் செத்தார்கள் என்று எழுதுங்கள். யாரையும் குறை சொன்ன மாதிரி இருக்காது. இருபது லட்சம் பேர் செத்தார்கள் என்று இரண்டு அரசும் ஒப்புக்கொண்டிருக்கின்றன, அதையும் போடுங்கள்.

#3 ரங்கூன் பேரன்

என் தாத்தா 1942ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தார். அரக்கான் மலை வழி. அவரும் இப்படித்தான், லட்சக்கணக்கில் நடந்தோம் என்பார். நீங்கள் கேட்பது அகதிகள் பற்றி என்றால் எங்கள் கதையும் சேர்த்துக்கொள்ளலாம். புகைப்படம்கூட இருக்கிறது.

#4 மலர்விழி

ரங்கூன் பேரன் அண்ணா, அது ஜப்பான் படையெடுப்பு, நான் எழுதுவது நாடு பிரிந்தது. உங்கள் தாத்தா கதைக்குத் தனி இழை தொடங்குங்கள், கட்டாயம் வந்து படிக்கிறேன்.

கரிகாலன், தேதியை மாற்றிவிடட்டுமா? பாட்டி 15 என்று மூன்று முறை சொன்னார்.

#5 பழைய பதிவேடு

மாற்றாதீர்கள்.

17 என்பது சரிதான். ராட்கிளிஃப் தலைமை வகித்த எல்லை ஆணையத்தின் தீர்ப்பு 12ஆம் தேதியே ஏறக்குறைய தயார், வெளியிட்டது 17. ஆனால் இந்திய சுதந்திரச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு தற்காலிகப் பிரிப்பு இருந்தது. ஆணையம் தீர்ப்புச் சொல்லும்வரை எந்தெந்த மாவட்டம் மேற்குப் பஞ்சாப் என்று அதில் பெயர் பெயராகப் போட்டிருந்தார்கள். லயல்பூர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் 15ஆம் தேதி பாகிஸ்தான் ஆட்சி தொடங்கியபோது பாட்டி ஊர் சட்டப்படி பாகிஸ்தானில்தான் இருந்தது. 17ஆம் தேதி தீர்ப்பு அதை உறுதி மட்டும் செய்தது.

அதே பட்டியலில் குர்தாஸ்பூரும் மேற்கில்தான் இருந்தது. அங்கே 17ஆம் தேதிக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. மாவட்டத்தின் நான்கு தாலுகாக்களில் ஷகர்கர் தவிர மூன்றும் இந்தியாவுக்கு வந்துவிட்டன. குர்தாஸ்பூர் பாட்டி ஒருவர் "15ஆம் தேதி பாகிஸ்தான், இரண்டு நாளில் இந்தியா" என்று சொன்னால் அதுவும் பிசகல்ல. ஆக, நினைவைத் திருத்துவதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேட்கவேண்டும்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. பாட்டி இரண்டு அறிவிப்பையும் ஒரே இரவாகச் சேர்த்து வைத்திருக்கலாம். எழுபது வருஷம் ஆகஸ்ட் 15 கொண்டாடிய நாட்டில் வாழ்ந்தவர், எல்லாம் அந்தத் தேதியில் போய் ஒட்டிக்கொள்ளும். எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பாட்டி சொன்னதைச் சொன்னபடி எழுதி, அடுத்த வரியில் நீங்கள் உங்கள் குரலில் தற்காலிகப் பிரிப்பையும் 17ஐயும் சொல்லுங்கள். அவர் வாயில் 17ஐப் போடுவதுதான் பெரிய தப்பு.

#6 கரிகாலன்77

அந்தப் பின்னிணைப்பு எனக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வாரம் என்பது உண்மைதானே? ராட்கிளிஃப் ஜூலை 8ல் வந்து இறங்கினார். அதற்கு முன் இந்தியாவையே பார்த்ததில்லை.

#7 பழைய பதிவேடு

உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்துக் காரணம் சொன்னால் ராவல்பிண்டி எங்கே போகும்? 1947 மார்ச்சில், ராட்கிளிஃப் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே, அந்த மாவட்டக் கிராமங்களில் சீக்கியர்களையும் இந்துக்களையும் கொன்றார்கள். தோவா கால்சாவில் பெண்கள் கிணற்றில் குதித்தது அப்போதுதான். அதற்கு முன் 1946 அக்டோபரில் நவகாளியில் இந்துக்கள், அதற்கடுத்து பீகாரில் முஸ்லிம்கள். கோடு போட்டவரைத் திட்டினால் நமக்கு வேலை சுலபம், கொன்றவர்கள் எல்லோரும் கட்டுரையிலிருந்து இறங்கிப் போய்விடுவார்கள். அது நடுநிலை ஆகாது.

மலர்விழி கேட்டதற்கு வருகிறேன். "அங்கே ஒரு கொலை, இங்கே ஒரு கொலை" என்று பத்தி சேர்ப்பதும் சரிவராது. மார்ச் ராவல்பிண்டியில் இரு தரப்பும் சமமாகச் செத்தது என்று எழுதினால் பொய். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம் கிராமங்களை ஜத்தாக்கள் என்ற ஆயுதம் ஏந்திய சீக்கியக் கூட்டங்கள் வளைத்து அழித்ததை "மோதல்" என்று எழுதினால் அதுவும் பொய். ஒரு இடம், ஒரு வாரம் என்று எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் அடித்தவன் ஒரு பக்கம், அடிபட்டவன் இன்னொரு பக்கம். அதை அப்படியே எழுதவேண்டும். இடமும் வாரமும் மாறும்போது ஆட்கள் மாறுவார்கள்.

தொடங்கும் தேதியையும் கவனியுங்கள். இந்தியாவின் 1951 கணக்கெடுப்பு இடம்பெயர்ந்தோர் யார் என்று சொல்லும்போது இரண்டு தேதி வைத்தது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தவர் என்றால் 1947 மார்ச் 1க்குப் பிறகு, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து என்றால் 1946 அக்டோபர் 15க்குப் பிறகு வீட்டை விட்டிருக்கவேண்டும். முதலாவது ராவல்பிண்டியை உள்ளே கொண்டுவருகிறது, இரண்டாவது நவகாளியை. பாகிஸ்தான் கணக்கெடுப்பு தேதியே வைக்கவில்லை. பிரிவினையாலோ அதையொட்டிய கலவர பயத்தாலோ வந்தவர் எல்லோரும் முஹாஜிர். இரண்டும் தவறல்ல. ஆனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது ஒரே படியால் அளந்தது இல்லை என்று ஒரு வரி எழுதவேண்டும்.

#8 நந்தினி_கோவை

அந்த எண்கள் என்ன? கட்டுரைக்குப் போடலாமா?

#9 பழைய பதிவேடு

1951ல் இந்தியா எண்ணியது சுமார் 73 லட்சம், பாகிஸ்தான் சுமார் 72 லட்சம். கூட்டினால் ஒன்றரைக் கோடிக்குச் சற்றுக் குறைவு. போடலாம். உயிரோடு வந்து சேர்ந்து, 1951வரை உயிரோடு இருந்து, கேட்டபோது அகதி என்று சொன்னவர்கள் மட்டும்தான் அதில் உண்டு என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

சாவு எண்ணிக்கை வேறு விஷயம். கரிகாலன் சொன்ன "இரண்டு அரசும் ஒப்புக்கொண்ட இருபது லட்சம்" கிடையாது. யாரும் எண்ணவில்லை. பெண்டெரல் மூன் என்ற அதிகாரி அப்போது பஹாவல்பூரில் பணியில் இருந்தார். தனக்கு நேரடியாகத் தெரிந்த மாவட்டங்களிலிருந்து தொடங்கி மற்றதை ஊகித்து, மொத்தம் இரண்டு லட்சம் என்று பின்னாளில் எழுதினார். நீதிபதி ஜி.டி. கோஸ்லா நாலு முதல் ஐந்து லட்சம் என்றார். பத்து லட்சம் என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட எண்.

கோஸ்லா எதை வைத்துச் சொன்னார் என்று பாருங்கள். இந்திய அரசின் உண்மையறியும் அமைப்பு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த இந்து, சீக்கிய அகதிகளிடம் வாங்கிய வாக்குமூலங்கள். மேற்குப் பஞ்சாபில் எந்தக் கிராமத்தில் என்ன நடந்தது என்பதற்கு அது பொன்னான ஆவணம். ஆனால் லூதியானாவிலிருந்து போன முஸ்லிமிடம் அவர்கள் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. எதிர்ப்பக்கம் மேற்குப் பஞ்சாப் அரசு 1948லேயே சிறு நூல்கள் போட்டது. எல்லாம் சீக்கியர்களின் முன்திட்டம் என்பது அவற்றின் வாதம். 1950ல் சீக்கியர்களின் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி ஒரு தொகுப்பு போட்டது. எல்லாம் முஸ்லிம் லீக்கின் திட்டம் என்பது அதன் வாதம். இவற்றில் "ஏன்" என்ற பகுதியை ஓரமாக வைத்துவிட்டு "எங்கே, எப்போது, யார் ஊர்" என்ற பகுதியை எடுத்துக்கொண்டால் மூன்றும் பயன்படும். ஒரு கிராமத்தைப் பற்றி எதிரெதிர்த் தரப்புகள் ஒரே நாளைச் சொன்னால் அந்த நாளை நம்பலாம்.

#10 சிந்து_சூளைமேடு

பஞ்சாபை மட்டுமே பிரிவினை என்று எழுதுகிறீர்களே என்று சொல்லத்தான் வந்தேன். நாங்கள் சிந்திகள். வீட்டில் சிந்தி, வெளியே தமிழ். தாத்தா குடும்பம் கராச்சியிலிருந்து கப்பலில் பம்பாய் வந்து, ஒரு முகாமில் இரண்டு வருஷம் இருந்து, பிறகு மெட்ராஸ். எங்கள் தெருவில் யாரும் கத்தி எடுக்கவில்லை. 1948 ஜனவரி 6 கராச்சிக் கலவரம்வரை தாத்தா கிளம்பும் எண்ணத்திலேயே இல்லையாம். பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியவர் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, நிலைமை சரியானதும் வாருங்கள் என்று அனுப்பினார். அந்தக் கதையைத்தான் வருஷாவருஷம் சொல்வார்கள். இந்த மாதிரி நல்ல கதைகளைச் சேர்த்தால் நடுநிலை வந்துவிடாதா?

#11 பழைய பதிவேடு

சிந்து சொல்வது முக்கியமான வேறுபாடு. சிந்துவில் பெருங்கொலை இல்லாமலேயே ஊர் காலியானது, அதைப் பஞ்சாப் அச்சில் ஊற்றக்கூடாது. மலர்விழி கட்டுரை லயல்பூர் பற்றியது, அது லயல்பூராகவே இருக்கட்டும். தலைப்பில் "பிரிவினை" என்று மொத்தமாகப் போடாமல் இருந்தால் போதும்.

நல்ல பக்கத்து வீட்டுக்காரர் கதையில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, கோபித்துக்கொள்ளாதீர்கள். அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் ஒரு சாவி இருக்கிறது. பல குடும்பங்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் கதை வந்ததும் நாம் மேற்கொண்டு கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கொடூரக் கதையைச் சோதிக்கிற மாதிரியே இதையும் சோதிக்கவேண்டும். சாவியை வாங்கினவர் பிறகு அந்த வீட்டில் யாரைக் குடிவைத்தார்?

#12 சிந்து_சூளைமேடு

கோபம் இல்லை. ஆனால் பதில் தெரியாது. வீட்டில் யாரும் கேட்டதே இல்லை.

#13 பழைய பதிவேடு

மலர்விழிக்கு அதையேதான் சொல்ல வந்தேன். நீங்கள் முஸ்லிம்கள் பற்றித் தனிப் பத்தி தேடி எங்கும் போகவேண்டாம். பாட்டி ஜலந்தருக்கு வந்து எந்த வீட்டில் குடியேறினார்? அந்த வீடு யாருடையது?

#14 மலர்விழி

பாட்டி அதைச் சொல்லியிருக்கிறார், நான்தான் எழுதவில்லை! ஒரு கிராமத்தில் முஸ்லிம் வீடு கிடைத்ததாம். அடுப்பில் சாம்பல் அப்படியே இருந்ததாம். சுவர் மாடத்தில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு. அம்மா அதைத் தூக்கிப் போடவிடவில்லை, ரொம்ப நாள் அங்கேயே இருந்தது என்றார். கதையோட்டத்துக்கு இடைஞ்சல் என்று வெட்டிவிட்டேன்.

#15 நந்தினி_கோவை

வெட்டினதை எடுத்து மறுபடி உள்ளே வையுங்கள் முதலில்!

#16 பழைய பதிவேடு

இதற்குப் பதிவேடு உண்டு. நான் இருபது வருஷத்துக்கு மேல் சண்டிகரில் வேலை பார்த்தவன், இந்தக் காகிதங்களோடு கொஞ்சம் புழங்கியிருக்கிறேன். நம்ம ஊரில் ஜமாபந்தி என்றால் வருஷத்துக்கு ஒரு முறை கலெக்டர் உட்கார்ந்து கிராமக் கணக்கைப் பார்ப்பது. பஞ்சாபில் ஜமாபந்தி என்பது நில உரிமைப் பதிவேடு, நம்ம சிட்டா அடங்கல் மாதிரி. நம்ம கணக்குப்பிள்ளை இடத்தில் அங்கே பட்வாரி. அந்தக் காலத்துப் பதிவேடு உருதுவில் இருக்கும். பாட்டி குடியேறிய கிராமத்தின் 1947க்கு முந்தைய ஜமாபந்தியில் முஸ்லிம் உரிமையாளர்களின் பெயர், தகப்பன் பெயர், வயல் எண் எல்லாம் கிடைக்கும். அவர்கள் எங்கே போனார்கள் என்பது அதில் இருக்காது. ஆனால் ஜலந்தர், லூதியானா, ஹோஷியார்பூர், அமிர்தசரஸ் பக்கத்து முஸ்லிம்களில் நிறையப் பேர் போய்ச் சேர்ந்தது லயல்பூர் மாவட்டம்தான். அதாவது பாட்டி கிளம்பிய பக்கத்துக்கே. "இந்த வீட்டுக்காரர்கள் பாட்டி வீட்டுக்குப் போனார்கள்" என்று எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை. இரண்டு மாவட்டங்கள் ஆட்களை மாற்றிக்கொண்டன என்பதுவரைக்கும் ஆதாரம் உண்டு.

நூறு ஏக்கர் விஷயம். குடும்பத்தில் ஒதுக்கீட்டுக் காகிதம் ஏதாவது இருக்கிறதா?

#17 மலர்விழி

தோழியிடம் கேட்டேன். ஒரு மடித்த தாள் இருக்கிறதாம். படித்தவரை, 60க்குச் சற்றுக் கீழே ஒரு எண். பாட்டி "நூறு ஏக்கர் போயிற்று, பாதிதான் கொடுத்தார்கள், அரசாங்கம் ஏமாற்றிவிட்டது" என்று சொல்வார். தோழியின் மாமா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு "நூறே பொய், பெருமைக்குச் சொன்னது" என்கிறாராம்.

#18 பழைய பதிவேடு

மாமாவும் அவசரப்படுகிறார். கிழக்குப் பஞ்சாப் அரசுக்கு ஒரு கணக்குச் சிக்கல் இருந்தது. இந்துக்களும் சீக்கியர்களும் மேற்கில் விட்டுவந்த நிலம் சுமார் 67 லட்சம் ஏக்கர். முஸ்லிம்கள் கிழக்கில் விட்டுப்போனது சுமார் 47 லட்சம்தான். அதுவும் மேற்கில் இருந்தது பெரும்பாலும் கால்வாய்த் தண்ணீர் பாயும் நிலம், கிழக்கில் மானாவாரி அதிகம். அதனால் புனர்வாழ்வுத் துறையின் தலைவராக இருந்த தர்லோக் சிங் இரண்டு ஏற்பாடு செய்தார். ஒன்று, விளைச்சலை வைத்து எல்லா நிலத்தையும் "தர ஏக்கர்" என்ற ஒரே அளவுக்கு மாற்றுவது. பத்துப் பதினொரு மணங்கு கோதுமை விளைந்தால் அது ஒரு தர ஏக்கர். மோசமான நிலம் என்றால் மூன்று நான்கு ஏக்கர் சேர்ந்துதான் ஒரு தர ஏக்கர் ஆகும். இரண்டாவது, படிப்படியான வெட்டு. முதல் பத்து ஏக்கரில் கால் பங்கு போகும், மேலே போகப்போக வெட்டு கூடும், ஆயிரம் ஏக்கருக்கு மேல் உள்ள பகுதியில் 95 சதவீதம் போய்விடும்.

ஆகவே பாட்டி வீட்டில் உண்மையிலேயே நூறு ஏக்கர் பாசன நிலம் இருந்திருந்தால், வெட்டுக்குப் பிறகு 60க்குக் கீழே ஒரு எண் வருவது நம்பத்தக்கதே. தாள் நூறைப் பொய்யாக்கவில்லை. "ஏமாற்றினார்கள்" என்பதையும் அது நிரூபிக்கவில்லை, வெட்டு எல்லோருக்கும் விழுந்தது. அந்த எண் தர ஏக்கரா சாதா ஏக்கரா என்று தாளில் பாருங்கள். அது தெரியாமல் எதுவும் சொல்லமுடியாது.

#19 கரிகாலன்77

ஆளாளுக்கு நூறு என்று சொன்னால் அரசு நம்பிவிட்டதா? நானாக இருந்தால் ஆயிரம் என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.

#20 பழைய பதிவேடு

எழுதிக் கொடுத்தார்கள்! ஐந்து லட்சத்துக்கும் மேல் மனு வந்தது. அப்போது செய்ததுதான் எனக்குப் பிடித்த வேலை. ஒரே கிராமத்திலிருந்து வந்த அகதிகளை ஒன்றாகக் கூட்டி உட்காரவைத்து, ஒவ்வொருவர் மனுவையும் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். பங்காளி எதிரே உட்கார்ந்திருக்கும்போது எவன் கூட்டிச் சொல்வான்? பிறகு இரண்டு பஞ்சாபும் பதிவேட்டு நகல்களைப் பரிமாறிக்கொண்டன, அதோடும் ஒத்துப்பார்த்தார்கள். கூட்டிச் சொன்னவர்களுக்குத் தண்டனையாக ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். எனவே ஒதுக்கீட்டுத் தாள் என்பது மூன்று முறை சலித்த எண். குடும்பத்தில் வாய்வழியாக வரும் எண் ஒரு முறையும் சலிக்காதது. இரண்டும் வேறுவேறு வேலைக்கு ஆகும்.

#21 ரங்கூன் பேரன்

எங்களுக்கு இந்த மாதிரி ஒரு தாளும் இல்லை. தாத்தா கடை எத்தனை அடி என்றுகூடச் சண்டை.

#22 மலர்விழி

பத்து லட்சம் பேர் நடந்தது?

#23 பழைய பதிவேடு

அதற்கு ராணுவக் கணக்கு இருக்கிறது. செப்டம்பர் 18 முதல் அக்டோபர் 29 வரை 42 நாளில், 24 நடைக் கூட்டங்களில், 8 லட்சத்து 49 ஆயிரம் பேர் இந்தியாவுக்குள் வந்ததாக இந்திய ராணுவ வெளியேற்ற அமைப்பு சொன்னது. பாட்டி இருந்தது அதில் ஒன்றில். வரிசைக்குள் நடக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முன்னும் பின்னும் முடிவு தெரியாது, எல்லாக் கூட்டமும் சேர்ந்த எண்ணைப் பிறகு எங்கோ கேட்டு அதைத் தன் கூட்டமாக நினைத்திருப்பார். அவர் பார்த்தது "முடிவே தெரியவில்லை" என்பது. அதை அவர் சொன்னாரா?

#24 மலர்விழி

சொன்னார். "முன்னால் போனவர்கள் கிளப்பிய புழுதிதான் எங்கள் வானம்" என்றார். பத்து லட்சத்தை எடுத்துவிட்டு அதை வைத்துக்கொள்கிறேன், ராணுவ எண்ணை என் குரலில் சொல்கிறேன். எதிர்த்திசையில் போன கூட்டத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். இரண்டு வரிசையும் ஒரே சாலையில், நடுவில் சிப்பாய்கள், யாரும் யாரோடும் பேசவில்லையாம்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் பொதுவில் கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊர்ப் பெயரை எங்கும் போடவில்லை என்பதால் கேட்கிறேன். பாட்டிக்கு ஓர் அக்கா. முதல் நாள் "வழியில் காலராவில் போய்விட்டாள்" என்றார். மூன்றாம் நாள் பேச்சுவாக்கில், "இந்நேரம் அவளுக்குப் பேரன்கள் இருந்திருப்பார்கள்" என்று தோழி மொழிபெயர்த்தாள். போன மாதம் ஒலிப்பதிவை வேறொரு பஞ்சாபிக்காரரிடம் போட்டுக் காட்டினேன். "இருந்திருப்பார்கள் இல்லை, இருப்பார்கள் என்கிறார்" என்கிறார் அவர்.

#25 நந்தினி_கோவை

படித்ததும் கை ஓடவில்லை. எழுதாதீர்கள். பாட்டி காலரா என்று சொல்ல விரும்பினார், காலராவாகவே இருக்கட்டும்.

#26 கரிகாலன்77

எனக்கு எதிர்க்கருத்து. எழுதாமல் விட்டு விட்டுத்தானே கடத்தப்பட்ட பெண்கள் கணக்கிலேயே இல்லாமல் போனார்கள்?

#27 பழைய பதிவேடு

கணக்கில் வந்த விதமும் நேராக இல்லை கரிகாலன். பாகிஸ்தானில் 33,000 இந்து, சீக்கியப் பெண்கள், இந்தியாவில் 50,000 முஸ்லிம் பெண்கள் கடத்தப்பட்டிருக்கிறார்கள் என்பது அரசு மதிப்பீடு. 1947 டிசம்பரில் இரு நாடும் பேசி, மீட்டுத் திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்டன. இந்தியா 1949ல் போட்ட சட்டத்தின்படி, 1947 மார்ச் 1க்குப் பிறகு 1949க்கு முன் குடும்பத்தைப் பிரிந்து வேறொருவர் வீட்டில் இருக்கும் முஸ்லிம் பெண் எந்த வயதானாலும் கடத்தப்பட்டவள்தான். அவள் அங்கேயே இருக்க விரும்புகிறாளா என்பதற்கு அந்த வரையறையில் இடமில்லை. எனவே ஒரு பெண்ணை "கடத்தப்பட்டவர்" என்று எழுதும்போது நாம் சட்டத்தின் சொல்லைத்தான் எழுதுகிறோம். அவள் சொல் என்ன என்று நமக்குத் தெரியாது. காலரா என்பது குடும்பத்தின் சொல். அதுவும் அவள் சொல் இல்லை.

எழுதலாமா வேண்டாமா என்பதில் எனக்கு உறுதி இல்லை. எழுதினால் அக்காவைப் பற்றி ஊகிக்காமல், முதல் நாள் சொன்னதையும் மூன்றாம் நாள் சொன்னதையும் அடுத்தடுத்து வைத்து நிறுத்திக்கொள்வேன். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. பஞ்சாபியில் அந்த வாக்கியம் "ஹோணே நே" என்று முடிகிறதா, "ஹோணே சீ" என்று முடிகிறதா? முதலாவது இருப்பார்கள், இரண்டாவது இருந்திருப்பார்கள். ஒரே ஒரு எழுத்து.

#28 மலர்விழி

ஹெட்ஃபோன் போட்டு இருபது முறையாவது கேட்டிருப்பேன். "ஹோணே" தெளிவாக இருக்கிறது. சரியாக அடுத்த எழுத்தில் சமையலறையில் குக்கர் விசில் அடிக்கிறது.

#29 சிந்து_சூளைமேடு

தோழியைக் கேட்டீர்களா? அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளே, வாயசைவு பார்த்திருப்பாளே.

#30 மலர்விழி

நேற்று இரவு கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீ வருவதற்கு முன்னாலேயே பாட்டி அம்மாவிடம் ஏதோ சொல்லியிருக்கிறார், அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன், அதுவரை அந்தப் பத்தியை அனுப்பாதே" என்றாள். இதழாசிரியரிடம் அடுத்த மாதம்வரை அவகாசம் கேட்டிருக்கிறேன். வீடு, செருப்பு, தேதி, ஏக்கர் எல்லாம் திருத்தியாயிற்று. அக்கா இருக்கும் பக்கம் மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.